பொதுக்குழுவை ரெக்கார்ட் செய்யலாமா? முன்கூட்டியே சொல்வதும் சம்மதம் கேட்பதும்: கேள்வி பதில்

சென்னையில் 84 வீடுகள் உள்ள ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆறு வருடம் சங்கச் செயலாளராக இருந்தேன். கொரோனாவுக்குப் பிறகு எங்கள் பொதுக்குழு பாதி ஹாலிலும் பாதி ஜூமிலும் நடக்கிறது. வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் வீட்டுக்காரர்கள் ஜூமில் வருவார்கள். மற்ற குடியிருப்புகளின் செயலாளர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இங்கே.

ஜூமே "ரெக்கார்ட் ஆகிறது" என்று சொல்லிவிடுகிறதே சார். நாம் தனியாக வேறு கேட்கணுமா?

கேட்கணும். ஜூம் காட்டும் அந்தச் சின்னப் பெட்டியை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். "Got it" என்று ஒரு பொத்தான், "Leave Meeting" என்று இன்னொரு பொத்தான். அவ்வளவுதான். மெயின்டனன்ஸ் கட்டணம் ஏறுவதை எதிர்த்துப் பேச ஒரு வாரமாகக் காத்திருந்தவர் அந்த நொடியில் என்ன செய்வார்? வெளியே போனால் ஓட்டு போச்சு. அதனால் பொத்தானை அழுத்திவிடுவார். அவருக்கு வேறு வழி வைக்காமல் வாங்கியதைச் சம்மதம் என்று சொல்ல எனக்கு மனசு வருவதில்லை.

எதற்காக ரெக்கார்ட் செய்கிறீர்கள், யார் கேட்பார்கள், எங்கே வைப்பீர்கள், எப்போது அழிப்பீர்கள் என்பது எதுவும் அந்தப் பெட்டியில் இருக்காது. போன் நம்பரை டயல் செய்து கூட்டத்தில் சேருபவருக்குப் பெட்டியே தெரியாது, ஒரு குரல் அறிவிப்பு மட்டும் கேட்கும். ஹாலில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதுவும் நிச்சயமில்லை. லேப்டாப் ஸ்பீக்கர் சத்தத்தை யாராவது குறைத்து வைத்திருந்தால் தீர்ந்தது.

ஆனாலும் அந்த அறிவிப்பை செட்டிங்கில் அணைத்துவிடாதீர்கள். கூட்டத்துக்கு முன்பு நீங்கள் கேட்டு வாங்கியதை அன்றைக்கு ஞாபகப்படுத்த அது உதவும்.

அப்படியானால் எப்போது, எப்படிச் சொல்வது? எழுத்தில் என்ன போடணும்?

அஜெண்டா போகும் அதே கடிதத்தில் சொல்லுங்கள். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு ஞாபகப்படுத்தி ஒரு செய்தி. கூட்டம் தொடங்கியதும் ரெக்கார்ட் பொத்தானை அழுத்துவதற்கு முன் வாயால் ஒருமுறை. மூன்றில் முதலாவதுதான் உண்மையாகக் கேட்பது. யோசிக்க அவகாசம் கிடைப்பது அங்கேதான்.

நாங்கள் கடைசியாக அனுப்பியது ஏறக்குறைய இப்படி இருந்தது:

"மினிட்ஸ் பிழையில்லாமல் எழுதுவதற்காக இந்தக் கூட்டத்தை ஒலிப்பதிவு செய்ய விரும்புகிறோம். வேறு எதற்கும் இதைப் பயன்படுத்த மாட்டோம். ஹாலில் மைக்கில் பேசுபவர்கள், ஜூமில் பேசுபவர்கள் இருவர் குரலும் பதிவாகும். ஜூம் தரும் படக்கோப்பை அன்றே அழித்துவிட்டு, ஒலிக்கோப்பை மட்டும் சங்கத்தின் கணினியில் வைத்திருப்போம். செயலாளரும் இணைச் செயலாளரும் மட்டும் கேட்பார்கள். மினிட்ஸ் உங்களுக்கு வந்து சேர்ந்த 30ஆம் நாள் கோப்பு அழிக்கப்படும். கட்டணப் பாக்கி வைத்திருப்பவர்கள் விவரம் பேசும்போது பதிவை நிறுத்திவைப்போம். உங்களுக்குச் சம்மதமா, வேண்டாமா என்பதை எனக்குத் தனியாக எழுதுங்கள். குழுவில் போட வேண்டாம். வேண்டாம் என்று சொல்பவர்களும் வழக்கம்போல் கலந்துகொள்ளலாம், பேசலாம், ஓட்டளிக்கலாம். அவர்கள் பேசும்போது பதிவை நிறுத்துவோம்."

இதில் ஒவ்வொரு வரியும் ஏதாவது ஒரு தவறிலிருந்து வந்தது. முதல் வருடம் "நிர்வாகத் தேவைகளுக்காக" என்று பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தேன். இரண்டு மாதம் கழித்து லிஃப்ட் ஒப்பந்தக்காரரோடு ஒரு தகராறு. கமிட்டியில் ஒருவர், "மூணாவது மாடி சார் அன்னிக்குப் பேசினதை அவங்களுக்குப் போட்டுக் காட்டலாமே" என்றார். நான் எழுதிக் கொடுத்த வார்த்தைப்படி பார்த்தால் அதுவும் நிர்வாகத் தேவைதான். மூன்றாவது மாடிக்காரருக்கு விஷயம் தெரிந்ததும் என்னிடம் அவர் ஒரு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் பக்கம் நியாயம் இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களிடம் பேசுவதாக நினைத்துத்தான் அவர் அன்றைக்குப் பேசினார்.

"எனக்குத் தனியாக எழுதுங்கள்" என்ற வரியும் முக்கியம். குழுவில் கேட்டால் முதல் பத்துப் பேர் கட்டை விரலை உயர்த்திவிடுவார்கள். பதினோராவது ஆள் "வேண்டாம்" என்று எழுதத் துணியமாட்டார்.

படமே வேண்டாம், ஒலி மட்டும் போதும் என்றால் ஜூமில் முடியுமா?

ரெக்கார்டிங்கைக் கணினியில் சேமித்தால் கூட்டம் முடிந்ததும் படக்கோப்பும், ஒலி மட்டும் உள்ள `.m4a` கோப்பும் தனித்தனியாகக் கிடைக்கும். படக்கோப்பை அழித்துவிடலாம். மினிட்ஸ் எழுத முகம் எதற்கு? வீட்டிலிருந்து சேருபவர்களின் பின்னால் குழந்தைகள் ஓடுவார்கள், வயசான அப்பா கட்டிலில் படுத்திருப்பார். அதெல்லாம் நம் கோப்பில் இருக்க வேண்டியதில்லை. ஒலி மட்டும் என்று சொன்ன பிறகு சம்மதிக்காமல் இருந்தவர்களிலேயே பாதிப் பேர் சம்மதித்தார்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் செட்டிங்கைப் பொறுத்து அரட்டையும் ஒரு உரைக்கோப்பாகச் சேமிக்கப்படும். ரெக்கார்ட் செய்பவருக்கு மட்டும் என்று தனியாக அனுப்பிய செய்தியும் அதில் இருக்கலாம். எங்களுக்கு ஒருமுறை "பொருளாளர் கணக்கு சரியில்லை, அப்புறம் பேசறேன்" என்று ஒருவர் எனக்கு மட்டும் எழுதியது அதில் அப்படியே உட்கார்ந்திருந்தது. அந்தப் ஃபோல்டரை முழுசாக இணைச் செயலாளருக்கு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைப்பேன்.

பதிலே போடாதவர்களைச் சம்மதித்தவர்களாக எடுத்துக்கலாமா?

கூடாது. செய்தியைப் படிக்காமல்கூட இருந்திருப்பார்கள். எங்களில் பதில் போட்டவர்கள் பாதிக்குக் கொஞ்சம் மேல். மிச்சம் இருப்பவர்களிடம் கூட்டத்துக்குள் நுழையும்போது கேட்டுக்கொள்வோம். ஜூமில் காத்திருப்பு அறையைப் போட்டுவிட்டு, பட்டியலில் பதில் இல்லாதவர் வந்தால் அவரை உள்ளே எடுத்ததும் அரட்டையில் தனியாக ஒரு வரி: "ரெக்கார்டிங் பற்றி அஜெண்டாவில் எழுதியிருந்தோம். உங்களுக்குச் சம்மதமா?" பதில் வரும்வரை அவர் பேசும்போது பதிவு நிற்கும். இந்த வேலைக்கு ஒரு ஆளைத் தனியாக உட்கார வையுங்கள். கூட்டத்தை நடத்துபவரால் இதையும் சேர்த்துப் பார்க்க முடியாது.

ஹாலில் 40 பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களிடம் எப்படிக் கேட்பது?

எல்லோரும் கோட்டைவிடும் இடம் இது. ஜூமில் இருப்பவர்களைப் பற்றியே யோசித்துவிட்டு ஹாலில் உள்ளவர்களை மறந்துவிடுகிறோம். மேஜைமேல் இருக்கும் மைக் முன்வரிசைக்காரர்கள் காதோடு காதாகப் பேசுவதைக்கூடப் பிடித்துக்கொள்ளும். ஒரு மாமி தன் மருமகளைப் பற்றிப் பக்கத்து சீட்டில் சொன்னது எங்கள் பதிவில் தெளிவாக விழுந்திருந்தது. கட்டணத் தீர்மானத்தை ஜூம்காரர் படித்துக்கொண்டிருந்தார், அதற்கு மேலே மாமியின் குரல்.

வாசலில் வருகைப் பதிவேடு வைப்பீர்கள் அல்லவா, அதில் வீட்டு எண், பெயர், கையெழுத்துக்குப் பக்கத்தில் "ஒலிப்பதிவு: சம்மதம் / வேண்டாம்" என்று ஒரு கட்டம் சேருங்கள். மேலே அந்த நோட்டீஸின் சுருக்கத்தை ஒரு தாளில் பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். கையெழுத்துப் போடும்போது அங்கே நிற்பவர் வாயாலும் சொல்லணும், ஏனென்றால் கண்ணாடி எடுத்து வராதவர்கள் நிறைய. பிறகு மேஜை மைக்கை எடுத்துவிட்டுக் கையில் பிடிக்கும் மைக் ஒன்றை வையுங்கள். மைக் கையில் இருப்பவர் குரல் மட்டும் தெளிவாக விழும். பதிவு ஆகிறது என்பதையும் பேசுபவர் மறக்கமாட்டார்.

டீ கொண்டுவருபவர், செக்யூரிட்டி, லிஃப்ட் பையன் இவர்களும் ஹாலில் நடமாடுவார்கள். நுழைவதற்கு முன் அவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

ஒரே ஒருத்தர் வேண்டாம் என்கிறார். 60 பேருடைய வேலையை அவருக்காக நிறுத்தணுமா?

நிறுத்த வேண்டாம். அவர் பேசும் நேரத்தில் பதிவை நிறுத்தினால் போதும். எங்கள் சென்ற கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

வந்தவர்கள் 61 வீட்டுக்காரர்கள். ஹாலில் 43, ஜூமில் 18. வேண்டாம் என்றவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, பதிவே அவருக்குக் கொள்கையளவில் பிடிக்காது. இன்னொருவர் விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருக்கும் ஒரு மேடம். தன் குரல் எந்த இடத்திலும் போய்விடக் கூடாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறாராம். காரணத்தை நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். காரணம் கேட்கவே கூடாது என்பது என் கட்சி.

இருவரிடமும் முந்தைய நாள் பேசி வைத்தேன். வங்கி அதிகாரி கை தூக்கினால் இணைச் செயலாளர் ஜூமில் "Pause" அழுத்துவார். "பதிவு நின்றிருக்கிறது" என்று உரக்கச் சொல்வார். பிறகுதான் மைக் அவரிடம் போகும். அவர் பேசியதை நானே கையால் குறித்துக்கொள்வேன். முடிந்ததும் "பதிவு தொடர்கிறது" என்று சொல்லிவிட்டுத் திரும்பத் தொடங்குவோம். மேடம் தன் இரண்டு கேள்விகளை எழுத்தில் கொடுத்துவிட்டார். தலைவர் வீட்டு எண்ணைச் சொல்லாமல் அவற்றைப் படித்தார்.

2 மணி நேரத்தில் நான்கு தடவை நிறுத்தினோம். எல்லாம் சேர்த்து ஒரு பத்து நிமிஷம்தான். ஒரு இடத்தில் சறுக்கினோம். வங்கி அதிகாரி பேசி முடித்த பிறகு தொடங்க மறந்துவிட்டு, வாட்டர் டேங்க் தீர்மானம் முழுவதும் பதிவில் இல்லாமல் போனது. கையெழுத்துக் குறிப்பு இருந்ததால் பிழைத்தோம். அன்றிலிருந்து, "தொடர்கிறது" என்ற வார்த்தையைக் கேட்காமல் அடுத்த ஆளைப் பேசவிடாதே என்று தலைவருக்குச் சொல்லி வைத்திருக்கிறோம்.

பத்துப் பேருக்கு மேல் வேண்டாம் என்றால்? அந்த வருடம் பதிவே வேண்டாம். இரண்டு பேரைக் குறிப்பெடுக்க உட்கார வையுங்கள். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தொடங்கும் பதிவால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

எங்கள் வீட்டுக்காரர்களில் சிலர் கலிஃபோர்னியாவில், சிலர் ஜெர்மனியில். அங்கே சட்டம் வேறா?

வேறு. கலிஃபோர்னியாவின் குற்றவியல் சட்டம் 632ஆம் பிரிவு, இரகசியமாக இருக்கும் என்று நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய உரையாடலைப் பதிவு செய்ய அதில் உள்ள எல்லோருடைய சம்மதமும் வேண்டும் என்கிறது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் ஒருவர் சம்மதித்தாலே போதும், அங்கே அப்படி இல்லை. ஜெர்மனியில் குற்றவியல் சட்டம் 201ஆம் பிரிவின்படி, பொதுவில் பேசாத பேச்சை அனுமதியில்லாமல் பதிவு செய்வது குற்றம், மூன்று வருடம் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதம் என்றால் கட்டாயமில்லாமல் கொடுத்ததாகவும், இன்னதற்கு என்று தெரிந்து கொடுத்ததாகவும், எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறக்கூடியதாகவும் இருக்க வேண்டும் என்கிறது.

சென்னைச் செயலாளர் மேல் அங்கே வழக்குப் போடுவார்களா என்று அலச வேண்டியதில்லை. அந்த ஊர் வழக்கத்தில் பழகியவர்களுக்குச் சொல்லாமல் பதிவு செய்வது பெரிய அவமரியாதை. மிகக் கடுமையான ஊரின் விதியை எல்லோருக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன மாதிரி கேட்டு வாங்கிவிட்டால் தனித்தனியாகக் கணக்குப் பார்க்கவே வேண்டாம்.

நம் நாட்டில் சட்டப்படி இது கட்டாயமா?

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. அடையாளம் தெரியும் குரல் தனிநபர் தரவுதான். சம்மதம் கேட்கும்போது என்ன தரவு, எதற்காக என்று நோட்டீஸ் தரணும். அதை ஆங்கிலத்திலோ எட்டாவது அட்டவணையில் உள்ள மொழி ஒன்றிலோ படிக்கும் வாய்ப்பு இருக்கணும், தமிழ் அதில் உண்டு. கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்கணும். சம்மதம் ஒரு தெளிவான செயலால் வரணும், அதாவது மௌனம் கணக்கில் வராது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வருகின்றன. தனிப்பட்ட, வீட்டுக் காரியங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் பதிவு பெற்ற சங்கத்தின் பொதுக்குழுவை வீட்டுக் காரியம் என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று நான் நம்பமாட்டேன். அதற்கும் முன்னால், 2017இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொல்லிவிட்டது. தகராறு முற்றினால் வக்கீலிடம் போங்கள். நான் கணக்கு எழுதிப் பழகியவன், சட்டம் படித்தவன் இல்லை.

எங்கள் கம்பெனியில் போர்டு மீட்டிங்கை ரெக்கார்ட் செய்தே ஆகணும் என்கிறார்களே?

அது வேறு கதை. வீடியோ வழியாக நடக்கும் போர்டு கூட்டத்துக்கு 2014ஆம் ஆண்டின் நிறுவன விதிகளே பதிவு செய்து பத்திரப்படுத்தச் சொல்கின்றன. தொடக்கத்தில் ஒவ்வொரு இயக்குநரும் தன் பெயர், எங்கிருந்து கலந்துகொள்கிறார், கூட யாரும் இல்லை என்பதைச் சொல்லணும். நம் சங்கத்துக்கு அப்படி ஒரு விதி இல்லை, அதனால்தான் நாம் கேட்டு வாங்குகிறோம். "போர்டு மீட்டிங்கில் செய்கிறார்களே" என்று இங்கே வாதாடும் ஆடிட்டர் ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒருவர் இருப்பார்.

கூட்டம் நடுவில் ஒருவர் மனசு மாறினால்?

நிறுத்துங்கள். அதுவரை அவர் பேசியதை மினிட்ஸ் எழுதும்போது எடுத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். கூடாது என்றால் அந்தப் பகுதியைக் கத்தரித்துவிடுங்கள். இலவச ஒலித் திருத்தி எதிலும் ஐந்து நிமிஷ வேலைதான். கத்தரித்த பிறகு அவருக்கு ஒரு வரி எழுதுங்கள்.

தாமதமாக வந்து சேருபவர்கள்?

ஜூம் அவர்களுக்கும் பெட்டியைக் காட்டும். ஹாலில் வாசல் ஆள் கூட்டம் முடியும்வரை வாசலிலேயே இருக்கணும். தொடங்கி அரைமணி ஆனதும் அவர் டீ சாப்பிடப் போய்விடுவார், அதுதான் பிரச்சினை.

நாம் இவ்வளவு செய்தும் யாரோ கைபேசியில் ரகசியமாக எடுத்து வாட்சப்பில் போட்டுவிட்டார். என்ன செய்ய?

தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்: சங்கப் பதிவு ஒன்றுதான், மற்றவர் யாரும் எடுக்கக் கூடாது. ஜூமில் மற்றவர்கள் உங்கள் அனுமதியில்லாமல் அந்தச் செயலியின் வழியாகப் பதிவு செய்ய முடியாது. ஆனால் கைபேசியைத் திரைக்கு முன்னால் பிடிப்பதை எந்தச் செட்டிங்கும் தடுக்காது. வெளியே வந்துவிட்டால் அந்தக் குழுவின் அட்மினிடம் நீக்கச் சொல்லுங்கள். அந்தப் பதிவில் இருப்பவர் வேறு யார் மூலமாவது கேள்விப்படுவதற்கு முன் நீங்களே அவருக்குப் போன் செய்யுங்கள்.

30 நாளில் அழித்துவிட்டால் அப்புறம் தகராறு வந்தால் ஆதாரம் வேண்டாமா?

ஆதாரம் மினிட்ஸ்தான். ஓட்டு எண்ணிக்கை, தீர்மான வாசகம், முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் எல்லாம் அங்கே இருக்கணும். எங்கள் மினிட்ஸ் அடுத்த வருடப் பொதுக்குழுவில்தான் உறுதியாகும். அதுவரை பதிவை வைத்திருந்தால் அது ஒரு வருடம் கிடக்கும், அதற்குள் கமிட்டியே மாறிவிடும். அதனால்தான் கணக்கை மினிட்ஸ் அனுப்பிய நாளிலிருந்து தொடங்கினோம்.

அந்த 30 நாளுக்குள் ஒருவர் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தால், அந்தப் பகுதியை அவரையும் இணைச் செயலாளரையும் உட்கார வைத்துப் போட்டுக் காட்டுவோம். அதிலும் ஆட்சேபம் தீராவிட்டால் அழிக்கும் தேதியைத் தள்ளிவைத்து, எதற்காக, எத்தனை நாள் என்று எல்லோருக்கும் எழுதுவோம். இதுவரை ஒருமுறைதான் அப்படி ஆனது, பதினைந்து நாள் தள்ளினோம். அழிக்கும்போது கணினியின் குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். ஜூம் கிளவுடில் சேமித்திருந்தால் அங்கேயும் ஒரு குப்பைத் தொட்டி உண்டு, அதில் 30 நாள் கிடக்கும். கமிட்டியில் யாராவது பென் டிரைவில் எடுத்து வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். அழித்த தேதியைச் சங்க நோட்டில் ஒரு வரியாக எழுதி இரண்டு பேர் கையெழுத்துப் போடுங்கள்.